“டீச்சர், அட்டை இருக்கிறதா?” – குழந்தைகளை முழுமையாகக் கேள்வி கேட்கப் பழக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகன் அரைகுறையாகக் கேட்டாலும் எனக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு எதற்கு முழுதாகக் கேட்கச் சொல்ல வேண்டும்?

நீங்கள் காலையிலிருந்து அவனோடு இருப்பதால்தான் உங்களுக்குப் புரிகிறது. எதைக் கலைத்துப் போட்டான், யாரோடு சண்டை போட்டான், எதைப் பாதியில் விட்டான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கேள்வியில் இல்லாததை உங்கள் நினைவு நிரப்பிக்கொள்கிறது. அதே கேள்வியை வகுப்பிலோ நூலகத்திலோ அவன் கேட்கும்போது நிரப்ப அங்கே யாரும் இல்லை.

நான் சின்ன வகுப்புகளுக்குக் கைவினை சொல்லித் தருகிறேன். ஒரு நாள் ஏழு வயதுப் பையன் ஒருவன் மேசைக்கு வந்து, “டீச்சர், அட்டை இருக்கிறதா?” என்றான். இருந்தது. பழைய பெட்டி ஒன்றிலிருந்து வெட்டிய பெரிய அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துக் கண்கள் சிவக்கத் திரும்பி வந்தான். கையில் கசங்கிய அட்டை. “இது கெட்டுப்போன அட்டை, மடிக்கவே வரவில்லை” என்றான்.

அட்டை கெட்டுப்போகவில்லை. அவன் செய்ய நினைத்தது சிறகு மேலும் கீழும் அசையும் ஒரு பறவை. பெட்டி அட்டையின் நடுவே நெளிநெளியான ஒரு தாள் ஓடுகிறது. அந்த நெளிவு ஓடும் திசையிலேயே மடித்தால் அட்டை நேராக மடியும். குறுக்கே மடித்தால் நசுங்கிக் கோணிக்கொள்ளும். அவனுடைய சிறகின் மடிப்பு குறுக்கே விழுந்திருந்தது. பறவை என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அட்டையைத் திருப்பி வைத்து வெட்டச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. பறவை அவனுடைய தங்கைக்காம். தங்கைக்கு இரண்டு வயது. கண்ணுக்கு ஒட்டுவதற்காகச் சட்டைப் பையில் இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தான். அவற்றைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. அவன் கேட்டதையும் கேட்டேன், கொடுக்கவும் கொடுத்தேன். கேட்க வேண்டிய இரண்டை நான் கேட்கவில்லை. அன்றிலிருந்துதான் இதைத் தனியாகச் சொல்லித்தர ஆரம்பித்தேன்.

முழுமையான கேள்வி என்றால் என்னென்ன இருக்க வேண்டும்?

மூன்று. என்ன வேண்டும், எதைக் கொண்டு, யாருக்கு. “தங்கைக்கு அட்டையால் ஒரு பறவை செய்ய வேண்டும், எப்படி வெட்டுவது?” என்று அவன் கேட்டிருந்தால் போதும்.

இதில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. பறவையை, அட்டையால், தங்கைக்கு: ஐ, ஆல், கு. இரண்டாம், மூன்றாம், நான்காம் வேற்றுமை உருபுகள் வரிசையாக நிற்கின்றன. என்ன என்பதை இரண்டாவது சுமக்கிறது, எதனால் என்பதை மூன்றாவது, யாருக்கு என்பதை நான்காவது. குழந்தைக்கு இலக்கணப் பெயர் எதுவும் தெரிய வேண்டாம். “தங்கைக்கு” என்று மூன்று வயதிலேயே சொல்லத் தெரிந்த குழந்தை அது. கேட்கும்போதும் அந்த ‘கு’வைச் சேர்த்துக்கொள்ளப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

உருபு சரியாக இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. “அட்டையால்” என்றாலும் “அட்டையில்” என்றாலும் “அட்டையை வைத்து” என்றாலும் பொருள் வந்துவிட்டது. பெயர்ச்சொல் அஃறிணையாக இருந்தால் ‘ஐ’யை விட்டுவிட்டுப் “பறவை செய்ய வேண்டும்” என்றுதான் நாம் எல்லோருமே சொல்கிறோம். அதைத் திருத்தப் போனால் குழந்தை கேட்பதையே நிறுத்திவிடும்.

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று கொளல் வினா: ஒரு பொருளைப் பெறுவதற்காகக் கேட்பது. “அட்டை இருக்கிறதா?” என்பது அந்த வகை. இருக்கிறதா இல்லையா என்று அறிவதற்காக யாரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் கேட்கப்பட்டவர் ஆம், இல்லை என்று சொல்லிவிட்டு நகர முடிகிறது. நான் அன்று ஏறக்குறைய அதைத்தான் செய்தேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

ஐந்து வயதுக்கு மேல் விளையாட்டாக, ஏழுக்கு மேல் கொஞ்சம் வற்புறுத்தி. அதற்கு முன் கேட்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைக் குழந்தையால் பிரித்துப் பார்ப்பது கடினம். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்றே அது நடந்துகொள்கிறது.

1966இல் சாம் கிளக்ஸ்பெர்க், ராபர்ட் கிராஸ் ஆகிய உளவியலாளர்கள் சகா ஒருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. இரண்டு சிறு குழந்தைகளுக்கு நடுவே ஒரு திரை. ஒரு குழந்தை தன் கையில் இருக்கும் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றது தன் பக்கத்தில் அதேபோன்ற கட்டையை எடுக்க வேண்டும். கட்டைகளில் விலங்குப் படம் இருந்தபோது பிரச்சினை இல்லை. பெயரில்லாத விநோத வடிவங்களை வைத்தபோது குழந்தைகள் தங்களுக்கு மட்டுமே பொருள் விளங்கும் பெயர்களைச் சொன்னார்கள். திரைக்கு அப்பால் இருந்த குழந்தை விழித்தது. ஒரு குழந்தை சொன்ன பெயரைப் பெரியவர் அதே குழந்தையிடம் திருப்பிச் சொன்னால் மட்டும் அது சரியான கட்டையை எடுத்தது. வார்த்தை தவறில்லை, அந்த வார்த்தை யாருக்காகச் சொல்லப்படுகிறது என்ற நினைவுதான் அங்கே இல்லை.

வீட்டில் எப்படித் தொடங்குவது? பயிற்சி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அந்தத் திரை ஆய்வையே கொஞ்சம் மாற்றி நான் விளையாட்டாக ஆக்கிக்கொண்டேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். நடுவே ஒரு பெரிய புத்தகத்தை விரித்து நிறுத்திவைத்தால் போதும். ஒருவர் கேட்பவர், மற்றவர் கடைக்காரர்.

கடைக்காரர் பக்கம் ஒரு தட்டு. அதில் ஒன்றுக்கொன்று நெருங்கிய பொருள்களாக ஆறு வையுங்கள்: மெல்லிய வெள்ளைத் தாள், கெட்டித் தாள், பெட்டி அட்டை, நூல், கம்பளி நூல், துணித் துண்டு. கேட்பவர் பக்கம் இரண்டு சீட்டுக்கட்டுகள். ஒன்றில் செய்ய வேண்டியது: பறவை, முகமூடி, வாழ்த்து அட்டை. மற்றொன்றில் பெறுபவர்: இரண்டு வயதுத் தங்கை, கண் மங்கிய பாட்டி, தொலைவில் இருக்கும் நண்பன். கட்டுக்கு ஒரு சீட்டாகக் கேட்பவர் எடுத்துப் பார்த்துவிட்டு, எந்தப் பொருளால் செய்வது என்று தானே முடிவு செய்துகொண்டு கேட்க வேண்டும். கடைக்காரர் காதில் விழுந்ததை மட்டும் வைத்துக் கொடுக்க வேண்டும். “நூல்” என்றால் எந்த நூலையும் கொடுக்கலாம். “பறவை செய்ய அட்டை” என்று வந்தால் கெட்டித் தாளையும் கொடுக்கலாம், பெட்டி அட்டையையும் கொடுக்கலாம்.

மூன்று முறை ஆனதும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பயன் முழுவதும் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. கேட்பவராக இருக்கும்வரை தவறு கடைக்காரருடையது என்றே குழந்தைக்குத் தோன்றும். தானே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அம்மா வேண்டுமென்றே “ஒரு தாள் கொடு” என்று நிறுத்தும்போதுதான், “எந்தத் தாள்? எதற்கு?” என்று அது வாய்விட்டுக் கேட்கும். அந்தக் கேள்வி வெளியே வந்த நாளில் பாதி வேலை முடிந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் விளையாட வேண்டாம். சலிப்பு வந்துவிட்டால் குழந்தை சீட்டைப் பார்த்து வாசிக்க மட்டும் செய்யும்.

விளையாட்டில் அழகாகக் கேட்கிறாள். நிஜத்தில் பழையபடி “அது வேண்டும்” என்கிறாள். அப்போது என்ன செய்ய?

முதலில் ஒன்றும் சொல்லாமல் அவளைப் பார்த்தபடி மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களில் கண்டது இது: ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டினால் குழந்தைகளின் பேச்சு நீளமாகிறது. வீட்டிலும் அந்த மௌனத்தில் அவளாகவே “அந்த நீலத் தாள்” என்று சேர்ப்பதைக் கேட்பீர்கள்.

சேர்க்கவில்லை என்றால், விடுபட்டவற்றில் ஒன்றை மட்டும் கேளுங்கள். மூன்றையும் அடுக்கிக் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். எதைக் கேட்பது என்பதில் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: எது தெரிந்தால் என் பதில் மாறுமோ அதை. பெரும்பாலும் அது “யாருக்கு?” என்பதாகவே இருக்கிறது.

அவள் சொன்னதும், நீங்கள் ஒருமுறை முழு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வேலையில் இறங்குங்கள்: “சரி, பாட்டிக்குக் கெட்டித் தாளில் வாழ்த்து அட்டை. வா, வெட்டுவோம்.” திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டாம். காதில் விழுந்ததே போதும். அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ அது வாயில் வரும்.

“யாருக்கு” என்பது அவ்வளவு முக்கியமா? பொருளைச் சொன்னால் போதாதா?

என் அனுபவத்தில் மூன்றில் அதுதான் கனமானது. குழந்தைகள் அதிகம் விடுவதும் அதைத்தான். அந்தப் பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வயதுத் தங்கைக்கு என்றால், கையில் கிடைப்பது எல்லாம் வாய்க்குப் போகும் வயது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை இருக்கிறது. அதன் வாய் சுமார் 3.2 செ.மீ. அகலம். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கொள்கிறார்கள். சட்டைப் பொத்தான் கேள்வியே இல்லாமல் அடங்கும். ஆகவே கண்ணை வரைய வேண்டும், ஒட்டக் கூடாது. பறவை உள்ளங்கையைவிடப் பெரிதாக, ஒரே துண்டாக இருக்க வேண்டும். இழுத்து விளையாட நீளமான கயிறு கட்டக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அட்டை எச்சிலில் ஊறிப் பிய்ந்துவரும், எனவே பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுத்து, ஊறியதும் எடுத்துப் போட்டுவிட வேண்டும். இன்னும் நல்லது துணி. ஆனால் அவனுக்கு அட்டைதான் வேண்டியிருந்தது, அவன் கையால் வெட்ட முடிவதும் அதுதான். நெளிவின் திசையில் சிறகு மடியும்படி வைத்து, மடிப்புக் கோட்டில் அளவுகோலை அழுத்தி, மை தீர்ந்த பேனாவால் இரண்டு முறை கீறிக் கொடுத்தேன். கண்ணை அவனே மெழுகு வண்ணக் குச்சியால் வரைந்தான். பொத்தான்களை என்னிடம் கொடுத்துவிட்டான்.

கண் மங்கிய பாட்டிக்கு என்றால் தொண்டையைப் பற்றிய கவலை இல்லை. பொத்தான் நல்லதும்கூட, விரலால் தடவிக் கண் எது என்று அறியலாம். வெளிர் நிறத்தின் மேல் அடர்ந்த நிறம் வைக்க வேண்டும், உருவம் பெரிதாக வேண்டும். தொலைவில் இருக்கும் நண்பனுக்கு என்றால் உறைக்குள் போக வேண்டும். பெட்டி அட்டை தடிமன் கூடுதல், கெட்டித் தாளில் தட்டையாக மடியும் பறவைதான் சரி. மூன்று பேருக்கும் அவன் கேட்டது ஒரே பறவை. நான் தர வேண்டிய பொருளும் சொல்ல வேண்டிய வழியும் மூன்று.

எதால் செய்வது என்று குழந்தைக்கே தெரியாதபோது?

“எதால் செய்வது என்று தெரியவில்லை” என்று சொன்னால் அதுவும் முழுமையான கேள்விதான். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லி அந்த இடத்தை நிரப்பிவிட்டது. “பாட்டிக்கு ஒரு பறவை செய்ய வேண்டும், எதால் செய்தால் நன்றாக இருக்கும்?” என்ற கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியும்.

இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். இல்லாவிட்டால் மூன்றும் கட்டாயம் என்று நினைத்துக் குழந்தை வாய்க்கு வந்த ஒரு பொருளைச் சொல்லிவிடும். அப்படிச் சொன்னதை நாம் நம்பி எடுத்துக் கொடுத்தால், ஒன்றுமே சொல்லாததைவிட அதிகமாகத் தவறிப்போகும். கண்டுபிடிப்பது எளிது: “ஏன் அட்டை?” என்று கேளுங்கள். தானாகத் தேர்ந்தெடுத்திருந்தால் “கெட்டியாக நிற்கும்” என்பதுபோல் ஒரு காரணம் வரும். வாய்க்கு வந்ததாக இருந்தால் உங்கள் முகத்தைப் பார்க்கும்.

முழுதாகக் கேட்டால்தான் கொடுப்பேன் என்று கண்டிப்பாக இருக்கலாமா?

வேண்டாம். இதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன். பசி, தாகம், வலி, கழிப்பறை, பயம் ஆகியவற்றுக்கு ஒற்றைச் சொல் போதும். “தண்ணீர்” என்று வந்த குழந்தையை நிறுத்தி வைத்து வாக்கியம் கேட்பது கொடுமை. பேசத் தயங்கும் குழந்தைக்கும், திக்கிப் பேசும் குழந்தைக்கும், அந்த மொழிக்குப் புதிதாக வந்த குழந்தைக்கும்கூட நிபந்தனை வைக்கக் கூடாது. அவர்களுக்கு நான் படம் போட்ட மூன்று அட்டைகளை மேசையில் வைத்திருக்கிறேன்: ஒரு பெட்டி, ஒரு கத்தரிக்கோல், ஒரு முகம். தொட்டுக் காட்டினால் போதும்.

கண்டிப்பு வேறொரு விதத்திலும் கெடுக்கும். குழந்தை வாய்ப்பாடாக ஒப்பிக்கத் தொடங்கும்: “எனக்குத் தாளால் தாள் வேண்டும்.” வடிவம் இருக்கிறது, பொருள் இல்லை. இப்படிக் காதில் விழுந்தால் ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி திரை விளையாட்டுக்குப் போங்கள்.

“யாருக்கு?” என்றால் “எனக்குத்தான்” என்கிறான். அதுவும் பதிலா?

பதில்தான், நல்ல பதில். அவன் கை எவ்வளவு பெரிது, கத்தரி பிடிக்கத் தெரியுமா, நேற்று எதில் சிக்கினான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமே. “சும்மா” என்றாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவே தாளை மடிக்கும் குழந்தைக்குப் பெறுபவர் யாரும் இல்லை.

படிப்பில் இது பயன்படுமா? “இந்தப் பாடம் புரியவில்லை” என்று மட்டும் சொல்கிறாள்.

பயன்படும். பொருள் என்ற இடத்தில் பக்கத்தை வையுங்கள். எந்தப் பக்கத்தில் எந்த வரி, அதில் என்ன வேண்டும், யாருக்குச் சொல்வதற்காக. “இரண்டாம் பத்தியில் ஆவியாதல் வருகிறது, தம்பிக்குச் சொல்கிற மாதிரி சொல்லுங்கள்” என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். தேர்வுக்கு எழுத என்றால் நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். நூலகர்களுக்கு இது பழக்கமான விஷயம்: மேசைக்கு வருபவர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவர் தேடி வந்தது அல்ல. அதனால்தான் புத்தகத்தை எடுக்கும் முன் எதற்கு, யாருக்கு என்று அவர்கள் பேச்சுக் கொடுக்கிறார்கள்.

பழகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளை எண்ணுங்கள். ஒரு வாரம், குழந்தை ஏதாவது கேட்கும்போதெல்லாம், உதவி செய்யத் தொடங்கும் முன் நீங்கள் எத்தனை கேள்வி கேட்க வேண்டியிருந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு வாரம். கோடுகள் குறைந்திருக்க வேண்டும். குழந்தையின் வாக்கியம் எவ்வளவு நீளம் என்பதைப் பார்க்க வேண்டாம். நீளமாகப் பேசிவிட்டு முக்கியமானதை விடுவதும் உண்டு.

இதைவிடத் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு. குழந்தை பாதியில் நிறுத்தித் தானே திருத்திக்கொள்ளும். அந்தப் பையன் சில மாதம் கழித்து மேசைக்கு வந்தான். “டீச்சர், நூல் இருக்கிறதா?” என்று தொடங்கியவன், நான் வாயைத் திறக்கும் முன்பே கையை உயர்த்தி என்னை நிறுத்தினான். “இருங்கள். கம்பளி நூல். முயலுக்கு வால் வைக்க. தங்கைக்குத்தான், அதனால் பிய்ந்து வராத மாதிரி எப்படிக் கட்டுவது?”